நாலணா எங்கே போனது? ஒரு கருவாட்டுக் கடையின் விலைக் கணக்கு

பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போகும் சாலையில், தங்கச்சிமடத்தில் ஒரு சின்னக் கடை. வாசலில் நெத்திலி, கட்டா, வாளை என்று கருவாட்டுக் கூடைகள். உள்ளே சாயல்குடி பக்கத்துக் கருப்பட்டி, கமுதி பக்கத்து முண்டு மிளகாய், புளி. ஓரத்தில் ஒரு அலமாரி நிறைய பிஸ்கட், சோப்பு, தண்ணீர் பாட்டில். ஊர்க்காரர்களும் வாங்குவார்கள், கோயிலுக்கு வேனில் வருகிறவர்களும் வாங்குவார்கள்.

கடையை நடத்தும் அக்கா ஒரு நாள் இரண்டு நோட்டுகளோடு என்னிடம் வந்தார். நான் ராமநாதபுரத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். ஒரு நோட்டில் தினசரி விற்பனை, இன்னொன்றில் கருவாடு போடும் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. அந்தப் பாக்கி ஐந்து மாதத்தில் 40,000 ரூபாயிலிருந்து 1,25,000 ஆகியிருந்தது.

“தம்பி, ரூபாய்க்கு நாலணா வச்சுத்தான் விக்கிறேன். வியாபாரமும் நல்லாத்தான் ஓடுது. காசு எங்க போகுதுன்னே தெரியல. கடையில இருக்குற பொண்ணு எடுக்குமோன்னு கூட நெனச்சுட்டேன்.”

அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த மாதிரிக் கணக்கு இடிக்கும்போது பெரும்பாலும் முதல் சந்தேகம் வேலை செய்கிறவர்கள் மேல்தான் விழுகிறது.

‘ரூபாய்க்கு நாலணா’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாலணா என்றால் கால் ரூபாய், 25 சதவீதம். ஆனால் எந்த ரூபாய்க்கு நாலணா? முதல் போட்ட ரூபாய்க்கா, கல்லாவில் விழுந்த ரூபாய்க்கா? அக்கா 300 ரூபாய்க்கு வாங்கிய நெத்திலியில் கால்வாசியான 75 ரூபாயைக் கூட்டி 375-க்கு விற்றார். முதல் போட்ட ரூபாய்க்கு நாலணா, சரிதான். இதற்கு மார்க்கப் என்று பேர். ஆனால் கல்லாவில் விழுந்தது 375 ரூபாய். அதில் 75 என்பது 20 சதவீதம்தான். இதுதான் மார்ஜின். அதே கருவாடு, அதே 75 ரூபாய். அடக்க விலையால் வகுத்தால் 25, விற்ற விலையால் வகுத்தால் 20.

இரண்டுமே தப்பில்லை. அக்கா தப்பு செய்த இடம் வேறு. ராத்திரி கல்லாவை எண்ணும்போது, “இன்னைக்கு கருவாடும் கருப்பட்டியும் எட்டாயிரம் ஏவாரம், அதுல ரெண்டாயிரம் நமக்கு” என்று நினைத்துக்கொண்டார். விலை வைக்கும்போது அடக்க விலையில் கால்வாசி, லாபத்தை எண்ணும்போது விற்பனையில் கால்வாசி. உண்மையில் 8,000-த்தில் அவருக்கு நின்றிருக்க வேண்டியது 1,600. அன்றைக்கு 400 ரூபாய் மனக்கணக்கில் மட்டும் இருந்தது. அதுவும் வாங்கிய எடை அப்படியே விற்றிருந்தால்தான். அது இன்னொரு கதை, பின்னால் வருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் லாப சதவீதம் என்றால் லாபத்தை அடக்க விலையால் வகுத்து நூறால் பெருக்கு என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதாவது மார்க்கப். ஆனால் கடைச் செலவு அடக்க விலையிலிருந்து போவதில்லை. வாடகையும் சம்பளமும் கரண்ட் பில்லும் கல்லாவில் விழும் பணத்திலிருந்துதான் போகின்றன. செலவை விற்பனையோடு ஒப்பிட்டுவிட்டு லாபத்தை முதலோடு ஒப்பிட்டால், இரண்டு வேறு படியில் அரிசி அளந்த மாதிரிதான்.

சரி, கடைக்கு வருவோம். மாத ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரக்கு முழுவதையும் எடை போட்டு, வாங்கிய விலையில் இருப்பு எழுதினேன். மாதக் கடைசியில் மறுபடியும் எடுத்தேன். இருப்பு ஏறக்குறைய அதே அளவில் இருந்தது, ஆகவே அந்த மாதக் கொள்முதலையே விற்ற சரக்கின் அடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டிக் கடைசி இருப்பைக் கழிப்பதுதான் முறை. இருப்பு எடுக்காமல் பில்லை மட்டும் பார்த்து லாபம் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, அதனால் கொள்முதல் பில்லில் கட்டிய வரியையும் அடக்கத்திலேயே சேர்த்தேன்.

மாத விற்பனை 2,40,000 ரூபாய். அதில் கருவாடு 1,15,000, கருப்பட்டி, மிளகாய், புளி எல்லாம் சேர்த்து 70,000, அலமாரிச் சாமான் 55,000. அக்காவின் மனக்கணக்குப்படி கருவாட்டிலும் கருப்பட்டி வகையிலும் கால்வாசி, அதாவது 46,250 ரூபாய். அலமாரியில் பத்து சதவீதம் என்று 5,500. மொத்தம் 51,750. வாடகை, சம்பளம், கரண்ட், ஆட்டோ, கவர், நகைக்கடன் வட்டி எல்லாம் சேர்த்துச் செலவு 36,000. மீதி 15,750 இருக்கும் என்று நம்பி, வீட்டுச் செலவுக்கு மாதம் 15,000 எடுத்தார். கட்டுசெட்டான கணக்கு. தன் கணக்குப்படி அவர் ஒரு ரூபாய்கூட அதிகம் எடுக்கவில்லை.

கொள்முதல் பில்களைக் கூட்டினால் கருவாடு 1,00,000, கருப்பட்டி வகை 56,000, அலமாரி 50,000. ஆக 2,06,000. விற்பனையிலிருந்து கழித்தால் 34,000 ரூபாய்தான் நிற்கிறது. செலவோ 36,000. வீட்டுக்கு ஒரு ரூபாய் எடுக்கும் முன்பே 2,000 நஷ்டம். அதற்கு மேல் 15,000 எடுத்தால் மாதம் 17,000 ஓட்டை. ஐந்து மாதத்துக்கு 85,000. பாக்கி நோட்டில் ஏறியிருந்ததும் அதே 85,000. வியாபாரிக்குப் போக வேண்டிய பணம் வீட்டுக்கு அரிசியும் பள்ளிக்கூட ஃபீஸும் ஆகியிருக்கிறது.

நினைத்த லாபத்துக்கும் நின்ற லாபத்துக்கும் வித்தியாசம் 17,750. அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. மார்க்கப்பை மார்ஜின் என்று எடுத்துக்கொண்டதால் விழுந்தது 9,750 ரூபாய். மீதி 8,000 வேறெங்கோ போயிருந்தது, அதுவும் கருவாட்டில் மட்டும்.

அந்த 9,750-ல் அலமாரியில் விழுந்த 500 ரூபாயைப் பற்றி இரண்டு வரி. சேல்ஸ்மேன் “பத்து பர்சன்ட் மார்ஜின் அக்கா” என்று சொல்லிப் போட்ட சரக்கில், எம்ஆர்பி 110 உள்ளது 100 ரூபாய்க்கு வந்திருந்தது. அது அடக்க விலையில் பத்து. விற்பனையில் பத்து என்றால் 99 ரூபாய்க்கு வந்திருக்க வேண்டும். ஒரு ரூபாய்தான் வித்தியாசம், சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் சதவீதம் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதாகும். 20 சதவீத மார்ஜினுக்கு அடக்க விலையில் 25 கூட்ட வேண்டும். 25 வேண்டுமென்றால் 33 சொச்சம், 30-க்கு ஏறக்குறைய 43, பாதிக்குப் பாதி வேண்டுமென்றால் முதல் அளவு முழுதாக இன்னொரு மடங்கு. அதனால் யார் சதவீதம் சொன்னாலும் “எம்ஆர்பி எவ்வளவு, பில் விலை எவ்வளவு” என்று இரண்டு ரூபாயைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

அந்த 8,000-த்தைத் தேடி ஒரு மூட்டை நெத்திலியின் பின்னாலேயே போனோம். புதிதாக வந்த மூட்டையை எடை போட்டு, 10 கிலோ என்று சாக்கின் மேல் எழுதி, தனியாக வைத்தோம். அந்த மூட்டையிலிருந்து விற்றதை மட்டும் அந்தப் பெண் ஒரு அட்டையில் குறித்து வந்தாள். மூட்டை தீர்ந்தபோது அட்டையில் கூட்டிய எடை 9 கிலோ 200 கிராம். 800 கிராம் காணோம்.

கொஞ்சம் ஈரப்பதம் போனது. சரியாகக் காயாத நெத்திலி கடைக்கு வந்து காய்ந்தால், அந்த எடை கடைக்காரர் கணக்கில்தான் குறையும். கொஞ்சம் சாக்கின் அடியில் தலையும் தூளுமாக, யாரும் வாங்காத நிலையில் கிடந்தது. மீதி, ஒவ்வொரு முறையும் எடை போட்ட பிறகு மேலே போடும் ஒரு கை. ஊர்க்காரர்களுக்கு அந்த ஒரு கை இல்லாமல் வியாபாரம் இல்லை. அதை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

ஆகவே நெத்திலியின் அடக்கம் கிலோ 300 இல்லை. 3,000 ரூபாய் கொடுத்து விற்கக் கிடைத்தது 9.2 கிலோ. வகுத்தால் கிலோ 326 ரூபாய். 375-க்கு விற்றபோது மூட்டைக்கு வந்தது 3,450, நின்றது 450. கல்லாவில் விழுந்த ரூபாயில் 13 சதவீதம். நாலணா என்று நினைத்தது இரண்டணாவைத்தான் தொட்டிருக்கிறது.

இன்னொரு இடத்திலும் இதே குழப்பம் காசைத் தின்றுகொண்டிருந்தது. வேனில் ஆட்களைக் கூட்டிவரும் டிரைவர்களுக்குப் பில்லில் பத்து சதவீதம் கமிஷன் உண்டு. “இருபத்தஞ்சுல பத்து போனா பதினஞ்சு நிக்குதே தம்பி” என்றார் அக்கா. ஆனால் அந்த 25 அடக்க விலையில் எடுத்தது, இந்தப் பத்து விற்ற விலையில் எடுப்பது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க முடியாது. 375-ல் பத்து சதவீதம் 37.50. கமிஷன் போகக் கைக்கு வருவது 337.50. உண்மை அடக்கமான 326-ஐக் கழித்தால் கிலோவுக்கு 11 ரூபாய் சொச்சம். கவர், ரசீது, பேரம் பேசிய நேரம் எல்லாம் அந்தப் பதினொரு ரூபாய்க்குள் அடங்க வேண்டும். வேன் நின்ற நாளெல்லாம் நல்ல வியாபாரம் என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். அந்த நாட்களின் நெத்திலியில் அவர் ஏறக்குறைய சும்மாதான் எடை போட்டிருக்கிறார்.

அடுத்து, எந்த விலை வைப்பது? இங்கே புத்தகத்தில் இருக்கும் சதவீதத்தை எடுத்து ஒட்டாமல், கடைக்கு எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வந்தோம். செலவு 36,000, வீட்டுக்கு 15,000, ஆக 51,000 நிற்க வேண்டும். அலமாரிச் சாமானில் எம்ஆர்பிக்கு மேல் விற்க முடியாது, அங்கே வரும் 5,000 அவ்வளவுதான். மீதி 46,000 ரூபாயை 1,85,000 ரூபாய் கருவாடும் கருப்பட்டியும்தான் தர வேண்டும். வகுத்தால் ஏறக்குறைய 25 சதவீதம். அக்கா ஆரம்பத்திலிருந்து சொன்ன அதே இருபத்தைந்து! அவர் சொன்ன எண் சரி. அதை முதலின் மேல் வைத்ததுதான் பிசகு.

விற்பனையில் 25 நிற்க வேண்டுமென்றால் 25-ஐக் கூட்டக் கூடாது, அடக்கத்தை 0.75-ஆல் வகுக்க வேண்டும். விற்ற விலையை நூறு என்று வைத்தால் அடக்கம் அதில் எழுபத்தைந்து பங்கு, அதனால்தான் வகுத்தல். அக்காவின் மகன் போனில் ஷீட் வைத்திருந்தான். அடக்கம் B2-விலும் வேண்டிய சதவீதம் C2-விலும் இருந்தால் இரண்டு வரி போதும். முதல் வரி மார்ஜின் வைத்து விலை போடுவது, இரண்டாவது அக்கா இத்தனை நாள் போட்டது:

```
=B2/(1-C2)
=B2*(1+C2)
```

C2-வில் 25 என்று மட்டும் அடித்தால் தலைகீழாகிவிடும், 25% என்றோ 0.25 என்றோ அடிக்க வேண்டும். சரியாகப் போட்டிருக்கிறோமா என்று பார்க்க, B2-வில் 75 கொடுத்துப் பாருங்கள். முதல் வரியில் சரியாக 100 வர வேண்டும், இரண்டாவதில் 93.75 வரும்.

நெத்திலிக்குப் போட்டுப் பார்த்தோம். 326-ஐ 0.75-ஆல் வகுத்தால் 435 ரூபாய். அக்கா போனைத் திருப்பி வைத்துவிட்டார்.

“நாலு கடை தள்ளி 390-க்கு கெடக்குது தம்பி. ஊர்ச்சனம் என்னைய ஏறெடுத்தும் பாக்காது.”

அவர் சொன்னதும் உண்மை. மார்ஜின் கணக்கு என்ன விலை வேண்டும் என்றுதான் சொல்லும், அந்த விலைக்கு ஆள் வாங்குவாரா என்று சொல்லாது. இந்த இடத்தில் எல்லாச் சரக்கிலும் ஒரே சதவீதம் வைக்கும் பழக்கத்தை விட்டோம். ஊர்க்காரர்கள் தினமும் வாங்கி விலையை மனப்பாடமாக வைத்திருப்பது நெத்திலி. அதில் கொஞ்சம்தான் ஏற்ற முடியும். 400 என்று வைத்தார், பக்கத்துக் கடையைவிடப் பத்து ரூபாய் கூட, ஆனால் சல்லடையில் சலித்த சரக்கு. 326 அடக்கத்தில் இது 18.5 சதவீதம். பிறகு எடைக் குறைவைப் பிடித்தோம். கையில் எடுத்து வளைத்தால் மடங்காமல் ஒடியும் நெத்திலியைத்தான் எடுப்பது என்றும், மூட்டையை அவிழ்த்துத் தூளைத் தள்ளிவிட்டு எடை போடுவது என்றும் வியாபாரியிடம் பேசினார். பாக்கி இருக்கும் கடைக்காரர் இப்படிப் பேசுவது லேசில்லை. மாதம் கொஞ்சம் பழைய பாக்கி தருகிறேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வைத்தார். அடுத்த மூட்டைகளில் குறைவு பத்து கிலோவுக்கு 500 கிராமாக இறங்கியது. அடக்கம் 316, 400 ரூபாய் விலையில் 21 சதவீதம். வாங்குகிறவரிடம் ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் இரண்டரைப் புள்ளி வந்தது.

நெத்திலியில் விட்டதைக் கருப்பட்டியில் எடுக்க வேண்டியிருந்தது. கிலோ 320-க்கு வாங்கி 400-க்கு விற்றுவந்தார், அதாவது 20 சதவீத மார்ஜின். ஊர்க்காரர்களுக்கு 420 ஆக்கினார். வெளியூர்க்காரர்களுக்கு அரைக்கிலோவை ஓலைப்பெட்டியில் வைத்து 280. கருப்பட்டி 160, பெட்டி 30, ஆக அடக்கம் 190. நிற்பது 90 ரூபாய், 32 சதவீதம். டிரைவர் கமிஷன் 28 போனாலும் 62 மிஞ்சும். அடக்கத்தில் பெட்டியைச் சேர்க்க மறந்தால் இதே சரக்கு 43 சதவீதம் என்று காட்டி ஏமாற்றும். ஆட்டோக் கூலிக்கும் இதே விதி. அடக்கத்தில் சேர்த்தால் செலவில் எழுதக் கூடாது, செலவில் எழுதினால் அடக்கத்தில் வேண்டாம். அக்கா கடையில் அது செலவிலேயே இருக்கட்டும் என்று விட்டேன், எந்த மூட்டைக்கு எவ்வளவு கூலி என்று பிரிப்பது வெட்டி வேலை.

கமிஷனை அவர் நிறுத்தவில்லை. நெத்திலிக்குக் கமிஷன் இல்லை, பெட்டிக் கருப்பட்டிக்கும் மிளகாய்ப் பாக்கெட்டுக்கும் மட்டும் உண்டு என்று மாற்றினார். இரண்டு டிரைவர்கள் முகம் சுளித்து வேறு கடைக்குப் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது விற்பனை 2,32,000-க்கு இறங்கியிருந்தது. அக்காவுக்கு அது வருத்தம். ஆனால் கொள்முதல் 1,83,000-தான், நின்றது 49,000. செலவுக்கும் வீட்டுக்கு வேண்டிய 15,000 ரூபாய்க்கும் இன்னும் 2,000 குறைகிறது. பழைய பாக்கிக்குத் தருவதாகச் சொன்ன பணம் இதில் வராது. அந்த மாதங்களில் வீட்டுச் செலவை இறுக்கித்தான் பாக்கியைக் குறைத்தார். 1,25,000 இப்போது 1,10,000.

ஏப்ரல் 15 வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகள் போனாலும் வரத்து குறையும், கருவாடும் விலை ஏறும். வியாபாரி நெத்திலி 380 என்றார். அக்கா போனை எடுத்து 380-ஐ 0.95-ஆல் வகுத்தார், எடைக் குறைவுக்கு. 400 வந்தது. அதை 0.8-ஆல் வகுத்தார், 20 சதவீத மார்ஜினுக்கு. 500.

“ஐநூறா? ஒருத்தரும் வாங்க மாட்டாங்க தம்பி. பழைய மாதிரி கால்வாசி கூட்டுனா 475-தான் வருது, அதுல ஏவாரம் ஓடும்.”

“ஓடும் அக்கா. எடைக் குறைவு போக எவ்வளவு நிக்கும்?”

475-லிருந்து 400-ஐக் கழித்து, திரும்ப 475-ஆல் வகுத்தார். 15.8 என்று வந்தது. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழக்கமாக எடுக்கும் நாலு மூட்டைக்குப் பதில் ஒரு மூட்டை போதும் என்று வியாபாரிக்குப் போன் போட்டார். காலியான கூடையில் கருப்பட்டிப் பெட்டிகளை அடுக்கச் சொன்னார்.